ஏஐ-ல செஞ்ச புராடக்ட் படம், விளம்பரத்துக்குப் போகுது. அது யார் படம்?

வணக்கம் மக்களே. கமெண்ட்ல அடிக்கடி வர்ற கேள்வி இது: “ப்ரோ, ஏஐ-ல செஞ்ச புராடக்ட் படத்தை வச்சு காசு கட்டி ஆட் ஓட்டலாமா?” ஓட்டலாம். ஆனா அந்தப் படம் யாருக்குச் சொந்தம்னு முதல்ல முடிவு பண்ணிட்டு ஓட்டுங்க.

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். நீங்க மரச்செக்கு நல்லெண்ணெய் விக்கிறீங்க. ஒரு ஃப்ரீலான்சர் மிட்ஜர்னியில பாட்டில் படம் பத்து செஞ்சு வாட்ஸ்அப்ல அனுப்புறார். நீங்க ஜிபே-ல காசு போட்டுட்டீங்க. இந்தியாவுலயும் சிங்கப்பூர்லயும் ஆட் ஓடப்போகுது.

முதல் கேள்வி, படம் யார் அக்கவுண்ட்ல பிறந்தது? மிட்ஜர்னி விதிமுறைப்படி, சட்டம் எவ்வளவு தூரம் இடம் கொடுக்குதோ அவ்வளவுக்கு, செஞ்சவருக்குத்தான் படம் சொந்தம். இங்க செஞ்சவர் ஃப்ரீலான்சர், நீங்க இல்ல. வருஷ வருமானம் 10 லட்சம் டாலரைத் தாண்டுன கம்பெனின்னா ப்ரோ இல்ல மெகா பிளான் எடுத்தாதான் அந்த உரிமையே வரும். இன்னொண்ணு, அங்க செய்யுற படம் வழக்கமா எல்லாருக்கும் தெரியும், அதை எடுத்து மாத்தியும் செய்யலாம். மறைக்கிற ஸ்டெல்த் வசதியும் அந்த ரெண்டு பிளான்லதான். அதனால உங்க புது பாட்டில் கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே போட்டிக்காரர் பார்க்க வாய்ப்பு இருக்கு. கம்பெனி பேர்லயே ஒரு அக்கவுண்ட் எடுத்து, அதுல செய்யச் சொல்றதுதான் என் சாய்ஸ்.

அடுத்தது எழுத்துப்பூர்வ ஒப்பந்தம். இதுலதான் பெரும்பாலானவங்க கோட்டை விடுறாங்க. நம்ம காப்புரிமைச் சட்டம், அதாவது காப்பிரைட் ஆக்ட் 1957-ல, கம்ப்யூட்டர் உருவாக்குன படைப்புக்கு, அதை உருவாக்கக் காரணமா இருந்தவர்தான் படைப்பாளின்னு இருக்கு. அது ப்ராம்ப்ட் அடிச்ச ஃப்ரீலான்சரா, காசு கொடுத்த நீங்களான்னு பேச இடம் இருக்கு. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோன்னா, வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல அது காசு கொடுத்தவருக்குச் சொந்தம்னு 17-ஆம் பிரிவு சொல்லுது. ஏஐ படம் போட்டோவான்னு கேட்டா? அதை நம்பி நான் பணம் போட மாட்டேன்.

அதனால உரிமையை எழுதி வாங்குங்க. 19-ஆம் பிரிவுப்படி அது எழுத்துல இருக்கணும், கொடுக்குறவர் கையெழுத்து போட்டிருக்கணும். “ஓகே ப்ரோ, யூஸ் பண்ணிக்கோங்க”ன்னு ஒரு வாட்ஸ்அப் மெசேஜை நம்பி உட்காராதீங்க. எந்தப் படம், என்னென்ன உரிமை, எத்தனை வருஷம், எந்தெந்த நாடு, எல்லாத்தையும் எழுதணும். வருஷம் எழுதலன்னா 5 வருஷம்னு சட்டமே எடுத்துக்கும். நாடு எழுதலன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்னு எடுத்துக்கும். அப்போ உங்க சிங்கப்பூர் ஆட்? அந்தப் பேப்பர்ல அதுக்கு இடமே இல்ல. வாங்குன உரிமையை ஒரு வருஷத்துக்குள்ள பயன்படுத்தலன்னா, வேற மாதிரி எழுதியிருந்தா ஒழிய, அதுவும் காலாவதி. தீபாவளிக்கு செஞ்சு கிடப்புல போட்ட படங்களை ஒருதடவை பாருங்க.

பேப்பர் பக்காவா இருந்தாலும் படம் முழுசா உங்க கட்டுப்பாட்டுல வந்துடாது. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 2025 ஜனவரியில வெளியிட்ட அறிக்கையில, வெறும் ப்ராம்ப்ட் அடிச்சு எடுத்த படத்துக்குக் காப்புரிமை கிடையாதுன்னு சொல்லிடுச்சு. அங்க ஒருத்தர் உங்க படத்தை அப்படியே தூக்கிப் போட்டா, படத்தை வச்சு மடக்குறது கஷ்டம். உங்க லோகோ, பிராண்ட் பேர் இருந்தா அதை வச்சுத்தான் பேசணும்.

இதுக்கு நான் சொல்ற வழி, பாட்டிலை நிஜமா போட்டோ எடுங்க, பின்னணியை மட்டும் ஏஐ செய்யட்டும். போட்டோவுக்குக் காப்புரிமை உண்டு, 17-ஆம் பிரிவும் உங்க பக்கம் நிக்கும். லேபிளும் தப்பிக்கும். ஏஐ வரையுற பாட்டிலை ஜூம் பண்ணிப் பாருங்க, “நல்லெண்ணெய்”ங்கிற எழுத்து கோணல்மாணலா இருக்கும், எஃப்எஸ்எஸ்ஏஐ-யோட 14 இலக்க நம்பர் வேற எதோ நம்பரா இருக்கும். அதைக் காசு கட்டி ஆயிரம் பேருக்குக் காட்டுறது தேவையில்லாத வம்பு.

கடைசியா ஒண்ணு, கூகுள் மெர்ச்சன்ட் சென்டர்ல ஏஐ படம் ஏத்தணும்னா, ஃபைலுக்குள்ள `DigitalSourceType`-ல `TrainedAlgorithmicMedia`ங்கிற குறிப்பு இருக்கணும், அதை அழிக்கவும் கூடாது. வாட்ஸ்அப்ல சாதாரண போட்டோவா அனுப்புனா இந்த மாதிரி குறிப்பெல்லாம் காணாமப் போயிடும். டாகுமெண்டா அனுப்பச் சொல்லுங்க, இல்ல டிரைவ்ல போடச் சொல்லுங்க. வந்ததும் கம்ப்யூட்டர்ல, ஃபைலுக்குள்ள இருக்கிற குறிப்பைப் படிக்கிற exiftool-ங்கிற ப்ரோகிராம்ல இந்தக் கமாண்டை ஓட்டிப் பாருங்க:

```
exiftool -XMP-iptcExt:DigitalSourceType bottle.jpg
```

எதுவும் வரலன்னா, அசல் ஃபைலை மறுபடி கேட்டு வாங்குங்க.