"வேலை இருக்கா சார்?" என்பதை எப்படி மாற்றி எழுதுவது

[திரையில்: போன் திரை. லிங்க்ட்இன் செய்தி ஒன்று.]

"ஹாய் சார், உங்க கம்பெனில வேலை இருக்கா? ரெஸ்யூம் அனுப்பியிருக்கேன். பார்த்துட்டு சொல்லுங்க."

உணவுத் தொழில்நுட்பம் முடித்த மன்னார்குடிப் பெண் ஒருவர், நவீன அரிசி ஆலையின் தரப் பிரிவு மேலாளருக்கு இதை அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் அறிமுகம் கிடையாது.

இதில் மரியாதைக் குறைவு சின்ன விஷயம்தான். பெரிய சிக்கல், இதற்குப் பதில் எழுத அவருக்கு வழியே இல்லை. எந்த வேலை, யார் கேட்கிறார், ஏன் தன்னிடம் கேட்கிறார், எதுவும் தெரியாது. முகம் தெரியாதவர் அனுப்பிய ஃபைலைத் திறக்கவும் தயங்குவார். கையில் மிஞ்சுவது "இப்போ வேகன்சி இல்லைம்மா" என்ற ஒரே பதில், அல்லது மௌனம்.

சிலர் இதைத் திருத்துகிறேன் என்று எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். "பெருமதிப்பிற்குரிய ஐயா, தங்கள் சாதனைகளைக் கண்டு வியந்தேன், குடும்ப சூழ்நிலை சரியில்லை..." இது இன்னும் மோசம். படிக்கிறவருக்குச் சங்கடம்தான் வரும், நம்பிக்கை வராது.

[திரையில்: காலிப் பெட்டி. வரிகள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன.]

முதல் வரியில் தன்னைப் பற்றிச் சரிபார்க்கக்கூடிய ஒரே ஒரு விஷயம்.

"வணக்கம் சார். நான் மன்னார்குடி, உணவுத் தொழில்நுட்பம் முடித்திருக்கிறேன். ஏடிடி 45 நெல்லை 3 மணி நேரமும் 5 மணி நேரமும் ஊறவைத்து, அரைத்தபின் நொய் எவ்வளவு வருகிறது என்று மூன்று பேர் குழுவாக ஒப்பிட்டோம். ஊறல் பகுதி என் பொறுப்பு."

"குழுவாக", "என் பொறுப்பு" என்ற சொற்களைக் கவனியுங்கள். "புழுங்கல் அரிசியில் ஆராய்ச்சி செய்தவள்" என்று எழுதியிருந்தால், "தண்ணீர் எத்தனை டிகிரி, ஈரப்பதம் எவ்வளவுக்குக் காயவைத்தீங்க?" என்று அடுத்த செய்தியிலேயே கேட்பார். ஆலைக்காரருக்கு அது அன்றாடக் கணக்கு. பதில் சொல்ல முடிகிற அளவுக்கு மட்டும் எழுதுங்கள்.

ஊர்ப் பெயர் பற்றி ஒரு வார்த்தை. அவருடைய ப்ரொஃபைலில் தஞ்சாவூரோ திருவாரூரோ தெரிந்தால் நம் ஊரைச் சொல்வது நல்லதுதான். அதோடு நிறுத்துங்கள். "எங்க பெரியப்பாவுக்கு உங்க ஊர்ல நிலம் இருக்கு" என்று தொடங்கினால் சிபாரிசு வாசனை அடிக்கும்.

இரண்டாவது வரி, ஏன் இவரிடம்.

"நொய் கூடுவதற்குக் காயவைக்கும் வேகமும் காரணம் என்று நீங்கள் எழுதிய பதிவைப் படித்தேன்."

உண்மையிலேயே படித்திருக்க வேண்டும். பதிவு எதுவும் இல்லையென்றால் அவர் வகிக்கும் பொறுப்பையே காரணமாகச் சொல்லலாம்.

மூன்றாவது வரிதான் செய்தியின் உயிர். ஒரே கேள்வி. "இந்தத் துறையில் எதிர்காலம் எப்படி சார்?" என்று கேட்டால் பதிலுக்கு அவர் கட்டுரைதான் எழுத வேண்டும். இப்படிக் கேளுங்கள்:

"தரப் பிரிவுக்குப் புதியவர்களை எடுக்கும்போது லேப் அனுபவம் பார்ப்பீர்களா, ஷிஃப்ட்டில் இயந்திரத்தோடு நின்ற அனுபவமா? நேரம் இருக்கும்போது ஒரு வரி சொன்னால் போதும்."

டீக்கடையில் நின்றபடியே பதில் போட்டுவிடலாம். வேலை என்ற சொல்லே இல்லை, ஆனால் எதற்காகக் கேட்கிறார் என்று அவருக்குப் புரியும். அதை ஒளிக்கவும் தேவையில்லை. கேட்டால் "ஆமாம் சார், தரப் பிரிவில் வேலை தேடுகிறேன்" என்று நேராகச் சொல்லுங்கள்.

[திரையில்: எழுத்து எண்ணிக்கை காட்டும் பெட்டி.]

இணைப்பு அழைப்போடு அனுப்பும் குறிப்புக்கு, இலவசக் கணக்கில் 200 எழுத்துதான் இடம். தமிழில் எழுதினால் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியாகக் கணக்காகும். "வணக்கம்" நமக்கு ஐந்தெழுத்து, அந்தப் பெட்டிக்கு ஏழு. அதனால் குறிப்பைச் சுருக்குங்கள்:

"வணக்கம் சார். உணவுத் தொழில்நுட்பம் படித்தேன். நெல் ஊறல் ப்ராஜெக்ட். நொய் பற்றிய உங்கள் பதிவு படித்தேன். ஒரு கேள்வி கேட்கலாமா?"

அவர் ஏற்றுக்கொண்ட பிறகு முழுச் செய்தி. ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே வரிசைதான்.

இதையே நகலெடுத்து ஒரே ஆலையில் நான்கு பேருக்கு அனுப்பாதீர்கள். மதியச் சாப்பாட்டில் போனை நீட்டி, "உனக்கும் வந்துச்சா?" என்று கேட்டுக்கொள்வார்கள்.

பதில் வரவில்லையா? குறுவை, சம்பா அறுவடை முடிந்து நெல் வந்து குவியும் வாரங்களில் ஆலைக்காரர் செய்தி பார்ப்பதே அரிது. பத்து நாள் விட்டு, அதே கேள்வியை ஒரு வரியில் ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் வேறொருவருக்கு எழுதுங்கள். நம்பரைத் தேடிப்பிடித்து வாட்ஸ்அப்பில் போகவே கூடாது.

பதில் வந்தால் அன்றைக்கே நன்றி சொல்லுங்கள். "ஷிஃப்ட் அனுபவம்தான் பார்ப்போம்" என்று அவர் சொல்லியிருந்தால், அது உங்களுக்கு எவ்வளவு இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்து, "ரெஸ்யூம் அனுப்பலாமா சார்?" என்று கேளுங்கள். சரி என்றால் பிடிஎஃப் ஆக, ஃபைல் பெயரில் உங்கள் பெயரும் ஊரும் இருக்கும்படி அனுப்புங்கள்.