மார்க்ஸும் ஃபிராய்டும் பிரியும் இடம்

கேள்வி: "கடவுள் என்பது மனிதன் தன்னையே வெளியே ஏற்றிப் பார்ப்பதுதான் என்று மார்க்ஸ், ஃபிராய்டு இருவருமே சொல்கிறார்கள். பிறகு இருவருக்கும் என்ன வேறுபாடு ஐயா? ஒருவர் சரியென்றால் மற்றவரும் சரிதானே?"

இந்தக் கேள்வி வந்ததிலிருந்து என் மனத்தை விட்டு அகலவில்லை. இருவருக்கும் பொதுவான அடித்தளம் ஜெர்மன் தத்துவவாதி ஃபாயர்பாக் 1841-இல் இட்டது: மனிதன் தன் அறிவையும் அன்பையும் ஆற்றலையும் தன்னிடமிருந்து பிரித்து, வெளியே ஒருவருக்குச் சூட்டி, பிறகு அவரையே வணங்குகிறான். அப்படிப் பிரிக்க வேண்டிய தேவை எங்கிருந்து வருகிறது என்பதில்தான் இருவரும் பிரிகிறார்கள்.

ஃபாயர்பாக் பற்றி மார்க்ஸ் 1845-இல் எழுதிய குறிப்புகளில் நான்காவதைப் பாருங்கள். வானுலகத் திருக்குடும்பத்தின் இரகசியம் மண்ணுலகக் குடும்பமே என்று கண்டால் மட்டும் போதாது, அந்த மண்ணுலகக் குடும்பத்தையே விமர்சித்து மாற்ற வேண்டும் என்கிறார் அவர். ஃபிராய்டோ 1927-இல் அந்தக் குடும்பத்தையே வேராகக் காண்கிறார். குழந்தை தன் ஆதரவற்ற நிலையில், அஞ்சவும் சார்ந்திருக்கவும் ஒரு தந்தையைப் பெறுகிறது. வளர்ந்த பின்பும் அந்த நிலை நீங்குவதில்லை என்று உணரும்போது, மனிதன் அதே தந்தையைப் பேருருவில் மீண்டும் தேடுகிறான்.

தெய்வங்களுக்கு ஃபிராய்டு மூன்று பணிகளைக் கூறுகிறார்: இயற்கையின் அச்சத்தை விலக்குவது, மரணம் முதலான விதியின் கொடுமையோடு மனிதனைச் சமரசப்படுத்துவது, சமூக வாழ்க்கை சுமத்தும் துன்பத்துக்கு ஈடுசெய்வது. பட்டினியால் குழந்தையை இழந்த ஒரு தாயின் பிரார்த்தனையில் இவை மூன்றும் கலந்திருக்கும். பட்டினி ஒழிந்தால் மூன்றாவதற்கான தேவை குறையலாம். மதத்தின் தேவை சமூகத் துன்பத்தில் பிறக்கிறது என்று சொல்லும் மார்க்ஸ் அங்கே வலுவாக நிற்கிறார். ஆனால் எல்லா வசதியும் உள்ள வீட்டிலும் குழந்தை இறக்கிறது, அங்கும் அதே பிரார்த்தனை எழுகிறது. இதற்கு மார்க்ஸிடம் போதிய விடை இல்லை என்பதே என் கருத்து. ஃபிராய்டின் விளக்கத்திலும் பெரிய இடைவெளி உண்டு: தந்தையை மையமாக வைத்த அவர், தாய்த் தெய்வங்களுக்குத் தான் விவரித்த மத வளர்ச்சி வரிசையில் எங்கே இடம் தருவது என்று கூற இயலவில்லை என்று 1913-இல் தாமே ஒப்புக்கொண்டார்.

உண்மையில் நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, இந்த விளக்கங்களால் கடவுள் இல்லையென்று ஆகிவிடுமா என்பதுதான். தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு என் நிலைப்பாடு தெரியும். மீண்டும் சொல்கிறேன், ஒரு நம்பிக்கை எப்படிப் பிறந்தது என்பது அது பொய் என்பதற்குச் சான்றாகாது. ஃபிராய்டே இதைத் தெளிவாக ஏற்கிறார். ஒரு நடுத்தர வர்க்கப் பெண், இளவரசன் ஒருவன் வந்து தன்னை மணப்பான் என்று நம்புவது விருப்பத்தில் பிறந்த நம்பிக்கை. ஆயினும் அப்படி நடந்ததும் உண்டு என்கிறார். எனவே மதம் உண்மையல்ல என்பதற்கு வேறு காரணங்கள் தேவை. அவற்றை அவர் அறிவியலிடமிருந்து பெறுகிறார். மார்க்ஸும் 1844-இல், ஜெர்மனியில் மத விமர்சனம் பெரும்பாலும் முடிந்துவிட்டது என்று கூறிய பிறகே, மதம் ஏன் தேவைப்படுகிறது என்ற ஆய்வுக்குள் நுழைகிறார்.