போனில் சேர்த்த கன்ட்ரோலர் பிளேஸ்டேஷனுக்குத் திரும்ப மறுத்தால்

வணக்கம். பிளேஸ்டேஷன் 4 வைத்திருக்கிற வீடுகளில் அடிக்கடி வரும் ஒரு சிக்கலைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. போன வாரம் வெள்ளவத்தையில் அக்கா வீட்டுக்குப் போனேன், மருமகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தான், கேட்டால் கன்ட்ரோலர் பழுதாம், கடையில் புதிசு வாங்கச் சொல்லிவிட்டார்களாம். பி.எஸ். பட்டனை அழுத்தினால் முன்பக்க வெளிச்சம் வெள்ளையாகச் சிமிட்டிச் சிமிட்டி அணைந்துவிடுகிறது. "கடைசியாக எதில விளையாடினாய்?" என்று கேட்டேன். "போன்ல, மாமா."

அதுதான் விஷயம். இந்தக் கன்ட்ரோலர் ஒரு நேரத்தில் ஒரேயொரு கருவியைத்தான் நினைவில் வைத்திருக்கும். ஷேர், பி.எஸ். பட்டன்கள் இரண்டையும் சேர்த்து அழுத்தி போனிலோ கணினியிலோ இணைத்த உடனே பிளேஸ்டேஷனின் முகவரி அழிந்து அந்த இடத்தில் போனுடையது உட்கார்ந்துவிடும். அப்புறம் நீங்கள் எத்தனை தரம் அழுத்தினாலும் அது போனைத்தான் தேடும், போன் கிடைக்காவிட்டால் அணைந்துவிடும். பழுது ஒன்றுமில்லை.

முதலில் போனின் புளூடூத் பட்டியலில் கன்ட்ரோலரை நீக்கிவிடுங்கள். பிறகு பிளேஸ்டேஷனை முழுதாக அணையுங்கள், தூக்க நிலையில் விடக்கூடாது. கன்ட்ரோலரைக் கவிழ்த்துப் பாருங்கள், நாலு மூலையிலும் ஆணித் துளைகள் இருக்கும், எல்.2 பட்டன் பக்கத்து ஆணிக்குக் கிட்ட அதைவிடச் சின்னதாக இன்னொரு துளை, அதற்குள்தான் ரீசெட் பட்டன். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி உள்ளே விட்டால் மெல்லிய 'டிக்' ஒன்று விரலுக்குத் தெரியும், அப்படியே மூன்றிலிருந்து ஐந்து செக்கன் பிடியுங்கள். 'டிக்' தெரியாவிட்டால் நீங்கள் ஆணித் துளையைத்தான் குத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

பிறகு பிளேஸ்டேஷனைப் போட்டு, கேபிளால் கன்ட்ரோலரை அதோடு செருகி பி.எஸ். பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். வெளிச்சம் நீலமாக நின்றால் சரி, கேபிளைக் கழற்றிவிட்டு விளையாடலாம்.

மருமகனுக்கு அது நிற்கவில்லை. கன்ட்ரோலர் சார்ஜ் ஏறுகிறது, ஆனால் பிளேஸ்டேஷன் கண்டுகொள்ளவே இல்லை. பாதிப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். புறக்கோட்டை நடைபாதையில் மலிவாக வாங்கும் கேபிள்களில் சிலவற்றில் மின்சாரத்துக்கான கம்பிகள் மட்டும் இருக்கும், தரவு போகிற கம்பி இருக்காது. சோதிப்பது சுலபம்: அதே கேபிளால் ஒரு பழைய போனைக் கணினியில் செருகிப் பாருங்கள், சார்ஜ் மட்டும் ஏறிக் கணினி போனை அடையாளமே காணாவிட்டால் அந்தக் கேபிள் இதற்கு உதவாது. அக்காவின் பழைய கமராவோடு வந்த கேபிளைத் தேடியெடுத்துச் செருகினோம், உடனே நீலம்.

திரும்பவும் போனில் விளையாட ஆசை என்றால் தாராளமாகச் செய்யலாம், ஷேரும் பி.எஸ்.சும் சேர்த்து அழுத்த வேண்டும், வெளிச்சம் இரண்டிரண்டாகச் சிமிட்டும். ஆனால் பிளேஸ்டேஷனுக்கு வரும்போது மறுபடி அந்தக் கேபிள் வேண்டும், ஆகவே அதைச் சார்ஜருக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.