விரல் நுனியில் ஒட்டிய பஞ்சாமிர்தம்

வணக்கம் நேயர்களே. பல வருசம் பினாங்கில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இனிப்பு நீர் உள்ளவர்கள் வீட்டிலேயே இரத்தத்தில் சீனியைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று ஒரு சின்னக் காணொலி எடுக்கிறோம், அதற்கு வசனம் எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். அந்த வேலையில் எனக்குப் பிடிவாதம் வந்த ஒரு இடத்தைப் பற்றித்தான் இன்று அதிகம் பேசப் போகிறேன். வானொலியில் படம் காட்ட முடியாது. அதனால் உங்கள் கையையே ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், போதும்.

காணொலி முழுக்கக் கைகள்தான். முகமே கிடையாது. கேமரா கைக்குப் பக்கத்தில் போய் நிற்கும், பின்னால் ஒரு குரல் நிதானமாகச் சொல்லிக்கொண்டு போகும். யாருடைய கை என்று முதலில் ஒரு பேச்சு வந்தது. நகப்பூச்சு போட்ட இளம் பெண்ணின் கை வேண்டாம் என்றேன். தோட்டத்தில் வேலை பார்த்துத் தோல் தடித்த கை, கொஞ்சம் நடுங்குகிற கை, அதுதான் வேண்டும். பார்க்கிறவர் “இது நம்ம கை” என்று நினைக்க வேண்டும் இல்லையா?

சரி. முதல் காட்சி, கை கழுவுவது. தண்ணி பைப்பைத் திறக்கிறோம், சவர்க்காரம் போடுகிறோம், விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தேய்க்கிறோம், நன்றாக அலசுகிறோம், துண்டால் துடைக்கிறோம். இருபது விநாடி. படம் எடுக்க வந்த தம்பி சொன்னார்: “அக்கா, கோவிட் வந்ததிலிருந்து எல்லாருக்கும் கை கழுவத் தெரியும். ரெண்டு விநாடி காட்டிட்டு ஊசிக்குப் போயிடலாமே?” நான் விடவில்லை. மற்ற எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், இதை வெட்டாதீர்கள் என்றேன்.

ஏன் தெரியுமா? நாம் கை கழுவுவது கிருமிக்காக மட்டும் என்று நினைக்கிறோம். சீனி பார்க்கும்போது கழுவுவதற்குப் பெரிய காரணம் வேறு. விரலில் ஒட்டியிருக்கிற சீனியைப் போக்கத்தான்.

ஒரு கணக்குச் சொல்கிறேன், பயப்படாதீர்கள், சின்னக் கணக்கு. சீனி பார்க்கிற இந்த மிஷின் கேட்கிற இரத்தம் ரொம்பக் கொஞ்சம். பல மிஷின்களுக்கு அரை மைக்ரோலிட்டர் அளவு போதும். ஒரு மில்லிலிட்டரை ஆயிரமாகப் பிரித்து, அதில் ஒரு பங்கில் பாதி. உங்கள் சீனி 5 மில்லிமோல் என்று வைத்துக்கொள்ளுங்கள், நல்ல அளவு. அந்தத் துளியில் இருக்கிற குளுக்கோஸ் எவ்வளவு? அரை மைக்ரோகிராம்கூட இல்லை. ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம். இப்போது விரல் நுனியில் வெளியிலிருந்து ஒரு மைக்ரோகிராம் குளுக்கோஸ் ஒட்டியிருந்து அந்தத் துளியில் கரைந்தால், 5 என்று வரவேண்டியது 16 என்று வரும். கண்ணுக்குத் தெரியாத அளவு. நாக்கில் வைத்தாலும் தெரியாது. மிஷினுக்குத் தெரியும். அது இரத்தத்தில் உள்ள குளுக்கோஸ், பழத்தில் உள்ள குளுக்கோஸ் என்று பிரித்துப் பார்க்காது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு ஐயா, எனக்குத் தூரத்து உறவு. அறுபது வயதுக்கு மேல், இன்சுலின் போடுகிறவர். காலையில் பசியாறும் முன்னால் பார்த்தால் எப்போதும் 6, 7, எப்போதாவது 8. ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து பார்த்திருக்கிறார், 17.8. வீட்டம்மா பதறிப்போய் எனக்குப் போன் அடித்தார். “அக்கா, ஊசி கூடப் போடட்டுமான்னு கேக்குறார்.”

நான் போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன். “தாகமா இருக்காங்கய்யா? ராத்திரி அடிக்கடி ஒண்ணுக்கு எழுந்தீங்களா?” “இல்லம்மா, நல்லாத்தான் தூங்கினேன்.” “காலையில என்ன சாப்பிட்டீங்க?” “ஒண்ணும் இல்ல. சீனி பாத்துட்டுத்தானே சாப்பிடணும்?” “கோயில்ல?” கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. “பஞ்சாமிர்தம் குடுத்தாங்க. நான் சாப்பிடல, பேரனுக்குக் கிண்ணத்துல மாத்தி வெச்சேன், அவ்வளவுதான்.” “கை கழுவினீங்களா?” “கழுவாம இருப்பேனா? சானிடைசர் போட்டுத் தேய்ச்சேனே!”

பாருங்கள், வாழைப்பழம், தேன், பேரீச்சம்பழம். மூன்றிலும் குளுக்கோஸ் இருக்கிறது. சானிடைசர் கிருமியைக் கொல்லும், ஆனால் சீனியைக் கழுவிக்கொண்டு போகாது. ஆல்கஹாலில் குளுக்கோஸ் சரியாகக் கரைவதே இல்லை. ஆல்கஹால் தடவினால் அது ஆவியாகிப் போய்விடும், சீனி அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு, நன்றாகத் துடைத்து, இன்னொரு கையில் குத்திப் பாருங்கள் என்றேன். 7.1 வந்தது. 17.8க்கும் 7.1க்கும் நடுவில் இருந்த வித்தியாசம், நான் சொன்ன அந்த ஒரு மைக்ரோகிராம்தான். 17.8-ஐ நம்பி ஊசியைக் கூட்டிப் போட்டிருந்தால், 7.1-இல் இருந்த மனிதருக்குச் சீனி கீழே இறங்கி மயக்கம் வந்திருக்கும்.

நான் சொந்தக் கதையை வைத்து மட்டும் பேசவில்லை. 2011-இல் ஜப்பானில் சில மருத்துவர்கள் இதைச் செய்தே பார்த்தார்கள். இனிப்பு நீர் இல்லாதவர்களிடம் ஆரஞ்சு, திராட்சை, கிவி பழங்களை உரிக்கச் சொல்லிவிட்டு விரலில் குத்திப் பார்த்தார்கள். கழுவாத விரலில் எண் எங்கேயோ போய்விட்டது. ஆல்கஹால் பஞ்சால் ஐந்து தடவை துடைத்த பிறகும் எண் கூடித்தான் வந்தது. வெறும் குழாய்த் தண்ணீரில் கழுவினதும் சரியாகிவிட்டது. நமக்கு ஆரஞ்சுக்குப் பதில் டுரியான், ரம்புத்தான், மாம்பழம், அவ்வளவுதான் வித்தியாசம்.

திருப்பியும் சொல்கிறேன், சானிடைசர் போதாது. தண்ணீர் வேண்டும்.

இதில் இன்னொரு பக்கம் இருக்கிறது, அதுதான் எனக்கு அதிகப் பயம். உண்மையில் சீனி 3-க்கு இறங்கியிருக்கும், விரலில் பழம் ஒட்டியிருப்பதால் மிஷின் 9 என்று காட்டும். அவர் வேர்த்து, கை நடுங்கிக்கொண்டு, “நல்லாத்தானே இருக்கு” என்று உட்கார்ந்திருப்பார். அதனால் வசனத்தில் ஒரு வரி எழுதினேன்: “உடம்பு ஒன்று சொல்லி எண் வேறு சொன்னால், முதலில் உடம்பைக் கவனியுங்கள்.” வேர்வை, நடுக்கம், படபடப்பு இருந்து, விழுங்க முடிகிறது என்றால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். பார்க்கும் முன்னால் கையைக் கழுவுங்கள், இப்போதுதானே சீனி டப்பாவைத் தொட்டீர்கள்! அதே மாதிரி, கழுவிய பிறகும் எண் இறங்கவே இல்லை, தாகம் இருக்கிறது, வாந்தி வருகிறது என்றால் அது பஞ்சாமிர்தம் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அடுத்த காட்சி, துடைப்பது. இதையும் வேகமாக ஓட்டிவிடுவார்கள். விரலில் ஈரம் இருந்தால் துளி தண்ணீராகிவிடும், எண் குறைந்து காட்டலாம். நகக்கண் ஓரம் வரைக்கும் காய்ந்திருக்க வேண்டும்.

பிறகு குத்துவது. விரல் நுனிக்கு நேர் நடுவில் வேண்டாம், ஓரத்தில் குத்துங்கள். நடுப்பகுதிதான் எல்லாவற்றையும் தொடுகிற இடம், அங்கே குத்தினால் நாள் முழுக்க வலி தெரியும். விரலில் குத்துகிற பேனாவில் ஆழத்துக்கு எண் இருக்கும், நடு எண்ணில் ஆரம்பித்து, தடித்த தோலுக்கு ஒன்று கூட்டிக்கொள்ளலாம். இந்த இடத்தில் “வலிக்கவே வலிக்காது” என்று வசனம் எழுதச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். வலிக்கும். முதல் தடவை ஏமாந்தவர் அடுத்த தடவை நம்பமாட்டார். “ஒரு சுருக்கு. மூச்சை விடுங்க. முடிஞ்சிடுச்சி.” இவ்வளவுதான் எழுதினேன்.

துளி வரவில்லை என்றால் விரல் நுனியைப் போட்டுப் பிதுக்காதீர்கள். பிதுக்கினால் சதைக்குள் இருக்கிற நீரும் சேர்ந்து வரும், எண் மாறும். கையைக் கீழே தொங்கவிட்டு, உள்ளங்கையிலிருந்து நுனி வரைக்கும் மெதுவாகத் தடவிக் கொடுங்கள், வரும். கழுவிய விரல் என்றால் முதல் துளியே போதும். பேருந்தில் இருக்கிறீர்கள், தண்ணீர் இல்லை, கை பார்க்கச் சுத்தமாக இருக்கிறது என்றால், முதல் துளியை உலர்ந்த திஷ்யூவால் துடைத்துவிட்டு இரண்டாவதை வையுங்கள். பழம் தொட்ட கைக்கு இந்த வழி போதாது, அதற்குத் தண்ணீர்தான்.

எண் வந்த பிறகு குரல் என்ன சொல்ல வேண்டும்? “அருமை” என்றோ “அடடா” என்றோ சொல்லக் கூடாது. “6.8. நேரத்தோட எழுதி வெச்சிக்குங்க.” அவ்வளவே. நம் நாட்டில் பலருக்குச் சாப்பிடும் முன்னால் 4.4 முதல் 7 வரை என்று இலக்கு வைப்பார்கள், உங்கள் டாக்டர் உங்களுக்கு வேறு எண் சொல்லியிருக்கலாம். அதே நிமிடம் திரும்பக் குத்தி 6.8 இருந்த இடத்தில் 7.3 வந்தாலும் பதறாதீர்கள். தரக் கட்டுப்பாட்டில் தேறின மிஷினுக்கே அந்தப் பக்கம், இந்தப் பக்கம் பதினைந்து சதவிகிதம்வரை இடம் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஐயாவுக்கு வந்த மாதிரி 17-க்குத் தாவினால்தான் கையைப் பார்க்க வேண்டும்.

அறிவிப்பாளர் தம்பி கடிகாரத்தைக் காட்டுகிறார். கடைசிக் காட்சியைப் பற்றி நிறையச் சொல்ல வைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இரத்தத் துளியை வைக்கிற ஸ்ட்ரிப் இருக்கிற டப்பாவை, ஒன்றை எடுத்த கையோடு மூடிவிடுங்கள், நம் ஊர் ஈரக்காற்று அதற்கு ஆகாது. காரிலும் வைக்காதீர்கள். காலாவதி தேதியைப் பாருங்கள். ஊசியையும் பேனாவையும் புருசன் பெண்டாட்டியாக இருந்தாலும் மாற்றிக்கொள்ளக் கூடாது, மஞ்சள் காமாலைக் கிருமி அப்படித்தான் பரவும். குத்தின ஊசியை வெறும் குப்பைப் பையில் போடாதீர்கள், குப்பை எடுக்கிறவர் கையில் ஏறும். துணி சோப்பு வருகிற கெட்டிப் பிளாஸ்டிக் போத்தல் காலியானதும் அதில் சேர்த்து, முக்கால்வாசி ஆனதும் மூடியை இறுக்கி, உங்கள் கிளினிக்கில் எங்கே கொடுப்பது என்று கேளுங்கள். நன்றி, வணக்கம்.