பால் ஏறும் நாட்களின் தீவனக் கணக்கு

(புதுச்சேரியில் கால்நடை வளர்ப்பு மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

மாணவர்களே, வணக்கம். குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு வீட்டில் ஜெர்சி கலப்புப் பசு, இரண்டாவது ஈத்து. கன்று போட்டு 30 நாள் ஆகியிருந்தது. அந்த அம்மா சொன்னார்: "சார், சொசைட்டியில ஃபேட் அஞ்சுக்கு மேல வருது. ஆனா பால் எட்டு லிட்டரைத் தாண்டவே இல்ல."

மாட்டின் பின்னால் போய் நின்று பார்த்தேன். இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருந்தது, வாலின் இரு பக்கமும் குழி. அந்த மாடு தன் உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பைக் கரைத்து மடிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. கன்று போட்ட முதல் வாரங்களில் மாடு இளைத்துக்கொண்டே வர, ஃபேட் மட்டும் ஏறினால் அது எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இது ஏன் நடக்கிறது? கன்று போட்ட நாளிலிருந்து பால் ஏறி, ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் உச்சம் தொடும். மாட்டின் பசியோ அவ்வளவு வேகமாக ஏறாது. அது முழு அளவுக்கு வர பத்து, பன்னிரண்டு வாரம் ஆகிவிடும். நடுவில் உள்ள பள்ளத்தை மாடு தன் சதையைக் கொண்டுதான் நிரப்புகிறது. கொஞ்சம் இளைப்பது இயற்கை. அளவுக்கு மீறினால் பால் உச்சத்துக்கு வராமலே இறங்கத் தொடங்கும், அடுத்த சினையும் தள்ளிப்போகும்.

உச்சத்துக்குப் பிறகு பால் மாதத்துக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். எட்டு லிட்டரில் உச்சம் தொட்ட மாடு மூன்று மாதத்தில் ஆறு லிட்டருக்கு வந்துவிடும். பன்னிரண்டில் தொட்டது அப்போதும் ஒன்பதை ஒட்டிக் கறக்கும். உச்சத்தில் கூடும் ஒவ்வொரு லிட்டரும் 305 நாள் கறவையில் சுமார் 200 லிட்டராகக் கிடைக்கும். முதல் இரண்டு மாதத்தில் தவறவிட்டதை ஐந்தாம் மாதத்தில் மூட்டை மூட்டையாகப் போட்டாலும் மீட்க முடியாது. அப்போது போடுவது சதையாகத்தான் சேரும்.

அந்த வீட்டில் தீவனம் போட்ட முறையில் வெளிப்படையான குற்றம் ஒன்றும் இல்லை. உடம்புக்கு ஒன்றரைக் கிலோ, இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ அடர்தீவனம், இதுதானே நாம் சொல்லித்தரும் கணக்கு? இறங்கும் காலத்துக்கு இது சரி. ஏறும் காலத்தில் பாலைப் பார்த்துத் தீவனம் போட்டால் மாடு எங்கே நிற்கிறதோ அங்கேயே கட்டிப்போட்டது போல ஆகும். அப்போது தீவனம் பாலுக்கு ஒரு படி முன்னால் போக வேண்டும்.

அடுத்த ஈத்துக்கு இப்படிச் செய்தோம். கன்று போட இரண்டு வாரம் இருக்கும்போது அரைக் கிலோவில் தொடங்கி, மெதுவாக மூன்று கிலோ வரை கொண்டுவந்தோம். இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் தானியத்துக்குப் பழக அந்த இரண்டு வாரம் அவசியம். கன்று போட்டபின் மூன்று நாளைக்கு ஒருமுறை அரைக் கிலோ கூட்டி, பால் ஏறுகிறதா என்று நோட்டில் எழுதிப் பார்த்தோம். 15ஆம் நாள் ஒன்பது லிட்டர், 30ஆம் நாள் பதினொன்று, 45ஆம் நாள் பன்னிரண்டு. ஏழு கிலோவுக்கு மேல் கூட்டியும் பால் நகரவில்லை. அங்கே நிறுத்திவிட்டோம். நாலு லிட்டர் வித்தியாசம் முழுவதும் தீவனத்தால் வந்தது என்று சொல்ல மாட்டேன். மூன்றாம் ஈத்தில் மாடே கொஞ்சம் கூடுதலாகக் கறக்கும்.

இதில் ஆபத்தும் உண்டு. ஏழு கிலோவை இரண்டு வேளையில் கொட்டினால் இரைப்பை புளித்துப்போகும். சாணம் தண்ணியாகி அதில் நுரைக்குமிழ் தெரியும், அசைபோடுவது குறையும், ஃபேட் சட்டென்று கீழே விழும். அதனால் மூன்று, நாலு வேளையாகப் பிரித்து, முதலில் வைக்கோலோ மல்லாட்டைக் கொடியோ கொஞ்சம் தின்னவிட்டு, அப்புறம் தீவனம் வையுங்கள். கோ-4, கோ-5 புல் கைவசம் இருந்தால் இன்னும் நல்லது. வயிற்றுக்கு நார் குறையவே கூடாது.

இன்னொரு அடையாளம். மாடு அடர்தீவனத்தை ஒதுக்கிவிட்டு வைக்கோலை மட்டும் மேய்கிறது, மூச்சில் பழம் அழுகியது போல இனிப்பு வாடை வருகிறது என்றால் அது கீட்டோசிஸ். கன்று போடும்போது அளவுக்கு மீறிக் கொழுத்த மாட்டுக்கு இது எளிதில் வரும். அப்போது தீவனத்தைக் கூட்டிப் பயனில்லை, உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

பால் இறங்கத் தொடங்கியபின் அந்த அம்மா பழைய கணக்குக்கே திரும்பினார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாலை அளந்து அதற்கேற்பத் தீவனத்தைக் குறைத்தார். ஏழாம் மாதம் முதல் மட்டும் முதுகைத் தடவிப் பார்த்து, இளைத்த சதை திரும்பும்படி ஒரு கிலோ கூடவே வைத்தார். அடுத்த கன்றுக்கு 60 நாள் இருக்கும்போது கறப்பதை நிறுத்தினார். அன்று வால் பக்கத்துக் குழி நிரம்பியிருந்தது.