கடைசிச் சொல்லை விழுங்காதீர்கள்

(குமரி மாவட்டக் கடலோரப் பங்கு ஒன்றில், திருப்பலி வாசகர்களுக்கான பயிற்சி நாளில் பேசியது)

இந்நிகழ்வுக்குத் தலைமை ஏற்றிருக்கும் மறைவட்ட முதல்வர் தந்தை அவர்களே, இடம் தந்து, மதியச் சாப்பாட்டுக்கும் பொறுப்பேற்றிருக்கிற பங்குத்தந்தை அவர்களே, அருட்சகோதரிகளே, பங்குப் பேரவைத் துணைத்தலைவர் அவர்களே, அன்பிய ஒருங்கிணைப்பாளர்களே, மறைக்கல்வி ஆசிரியர்களே, பக்தசபைகளின் பொறுப்பாளர்களே, பக்கத்துப் பங்குகளிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து வந்திருக்கும் வாசகர்களே, உங்கள் எல்லாருக்கும் வணக்கம். மைக் செட் போட்டுவிட்டு அந்தத் தூணுக்குப் பின்னால் நிற்கிற தம்பிக்கும் தனியாக ஒரு வணக்கம். அவரிடம் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது, பிறகு சொல்கிறேன். சுக்குக் காப்பி தந்த மாதர் சங்கத்தாரை விட்டுவிட்டால் நான் வீடு போய்ச் சேர முடியாது. அவர்களுக்கும் வணக்கம்.

மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். வாசிக்கும் வேகம், எந்தச் சொல்லுக்கு அழுத்தம் கொடுப்பது, வாசக மேடையில் காட்ட வேண்டிய பயபக்தி. எங்க அம்மா எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்வாள்: பதறாத காரியம் சிதறாது. மூன்றுக்கும் அது பொருந்தும். ஆனால் அதை நான் கற்றுக்கொண்டது அம்மாவிடம் இல்லை, மீன் விற்கிற ஒரு பாட்டியிடம். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த காலம். தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு. கோயிலுக்குள் நுழைகிறேன், உபதேசியார் கையைப் பிடித்து, "நீ படிச்ச பய தானே, முதல் வாசகம் நீ வாசி" என்றார். எந்தப் பகுதி என்றுகூடக் கேட்கவில்லை. மேலே ஏறினேன். விடுதலைப் பயணம் இருபதாம் அதிகாரம், பத்துக் கட்டளை. எனக்கு மனப்பாடம். அதுதான் வினை. மனப்பாடமாகத் தெரிந்ததை மனிதன் வேகமாகத்தான் சொல்வான். ஒவ்வொரு வாக்கியத்தையும் ஓங்கி எடுக்கிறேன், முடிவுக்கு வரும்போது மூச்சும் தீர்ந்துவிடுகிறது, குரலும் தாழ்ந்துவிடுகிறது. எனக்கு மட்டும் என் குரல் நன்றாகக் கேட்கிறது. வாசித்து முடித்து, சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினேன்.

பூசை முடிந்து வெளியே வந்தால், மணல்மேட்டில் அந்தப் பாட்டி உட்கார்ந்திருக்கிறாள். ஓலைப்பெட்டி பக்கத்தில். கோயிலுக்குள் இடம் கிடைக்காமல் வெளியே கூம்பு ஸ்பீக்கருக்குக் கீழே இருந்து பூசை கண்டவள். என்னைக் கூப்பிட்டாள். "ஏ மக்ளே, இங்க வா. நீதானே வாசிச்ச?" ஆமா பாட்டி என்றேன், பாராட்டப் போகிறாள் என்று. "மோசே இன்னைக்கு என்ன சொல்லிட்டாரு? கொலை செய். விபசாரம் செய். களவு செய். எனக்கு அப்பிடித்தான் கேட்டுது. நானும் இத்தனை வருசம் தப்பால்ல நெனச்சிட்டேன்!" சுற்றி இருந்த பெண்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள். அவள் சிரிக்கவில்லை. "மீன் விலய கூவும்போ கடைசி எண்ணத்த விழுங்குனா எவன் வாங்குவான்? நூத்தி அம்பதுல அம்பத விழுங்கிட்டா எனக்கு நட்டம். நீ 'யாதே'ய விழுங்கிட்ட, யாருக்கு நட்டம்?" என்றாள். அந்த வாரம் முழுக்க என்னைக் கண்ட பயல்கள் எல்லாம் "களவு செய்யப் போறியாலே?" என்று கேட்டார்கள். கல்யாணம் ஆகும்வரை கேட்டார்கள்.

அந்தப் பாட்டி சொன்னதை மொழி ஆசிரியனாக வேலை பார்த்தபோது யோசித்துப் பார்த்தேன். தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. உண்டா இல்லையா, செய்யச் சொன்னதா செய்யாதே என்றதா, நடந்ததா நடக்கப் போகிறதா என்பதெல்லாம் அந்த வினையின் வாலில்தான் இருக்கிறது. முன்னால் வருகிற சொல் ஒன்று நழுவினாலும் ஓரளவு ஊகிக்கலாம். வால் போனால் எல்லாம் போயிற்று. மூச்சோ வாக்கியம் முடியும்போதுதான் தீர்கிறது. ஆகவே நம் மொழியை வாசிக்கிறவன் மூச்சைக் கடைசிச் சொல்லுக்காக மிச்சம் வைக்க வேண்டும். கத்தச் சொல்லவில்லை. முதல் சொல்லுக்குக் கொடுத்த அதே ஒலியைக் கடைசி அசைக்கும் கொடுங்கள், போதும்.

நம் கோயில்கள் வேறு உயரமான கூரை உள்ளவை. கன்னியாகுமரி அலங்கார உபகார மாதா ஆலயத்துக்குள் நின்று ஒரு முறை இருமிப் பாருங்கள், இருமல் மேலே போய்த் திரும்பி வரும். அப்படிப்பட்ட இடத்தில், முந்தின சொல்லின் எதிரொலி அடங்குவதற்குள் அடுத்த சொல்லைப் போட்டால் இரண்டும் குழம்பிச் சாம்பாராகிவிடும். ஆள் நிறைந்திருந்தால் எதிரொலி குறையும், ஆள் குறைந்த காலைப் பூசையில் கூடும். ஆகவே ஒரே வேகம் எல்லாப் பூசைக்கும் ஒத்துவராது. பதறாத காரியம் சிதறாது என்பதில் 'சிதறாது' என்ற சொல் கோயிலுக்குள் ஒலிக்கும் அப்படியே பொருந்துகிறது பாருங்கள்.

சரி, நிறுத்தம். எங்கே நிறுத்துவது என்பதற்கு ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். திருவருகைக்கால இரண்டாம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு வாசகம். எசாயா நாற்பதாம் அதிகாரம், முதல் ஐந்து வசனமும், பிறகு ஒன்பது முதல் பதினொன்று வரையும். எட்டே வசனம்தான், ஆனால் இரண்டு நிமிடத்துக்குக் குறைந்து முடித்தீர்கள் என்றால் ஓடியிருக்கிறீர்கள் என்று பொருள். அதில் மூன்றாம் வசனம்: "குரலொலி ஒன்று முழங்குகின்றது: பாலைநிலத்தில் ஆண்டவருக்காக வழியை ஆயத்தமாக்குங்கள், பாழ்நிலத்தில் நம் கடவுளுக்காக நெடுஞ்சாலை ஒன்றைச் சீராக்குங்கள்."

இதைப் பத்தில் ஏழு பேர், நான் கேட்டவரையில் சொல்கிறேன், "குரலொலி ஒன்று முழங்குகின்றது பாலைநிலத்தில்" என்று சேர்த்து வாசித்து அங்கே மூச்சு விடுகிறார்கள். ஏன்? திருமுழுக்கு யோவான் பாலைநிலத்தில் ஒலித்த குரல் என்று சின்ன வயசிலிருந்து காதில் ஊறியிருக்கிறது. கண் எசாயாவைப் பார்க்கிறது, வாய் மாற்குவைச் சொல்கிறது. அதே ஞாயிறு சாமியார் வாசிக்கிற நற்செய்தி மாற்கு முதல் அதிகாரம். அங்கே பாலைநிலம் குரலோடு சேர்ந்துதான் வருகிறது, அது சரி. ஆனால் எசாயாவில் பாலைநிலம் குரலுக்கு உரியதல்ல, வழிக்கு உரியது. பாபிலோனில் அடிமைப்பட்டுக் கிடந்த மக்களுக்குச் சொன்ன வார்த்தை அது. ஊர் திரும்ப வேண்டுமானால் இடையில் இருப்பது பாலைநிலம். அதன் நடுவே வழி போடுங்கள் என்கிறது குரல். அடுத்த அடியைப் பாருங்கள், பாலைநிலத்தில் வழி, பாழ்நிலத்தில் நெடுஞ்சாலை, இரண்டும் ஜோடி. முதல் அடியை உடைத்தால் இரண்டாம் அடி துணையில்லாமல் நிற்கும்.

தமிழ்க் காதுக்கும் இது தெரியும். "வந்துட்டான் வீட்டுக்கு" என்று பேச்சில் சொல்வோம், எழுத்தில் "வீட்டுக்கு வந்துவிட்டான்" என்போம். எழுத்துத் தமிழில் இடத்தைச் சொல்லும் சொல் தனக்குப் பின்னால் வருகிற வினையைத்தான் தேடும். ஆகவே பென்சிலை எடுங்கள். 'முழங்குகின்றது' முடிந்ததும் இரட்டைக் கோடு. அங்கே மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். 'ஆண்டவருக்காக' என்பதற்குப் பிறகு ஒற்றைக் கோடு, சின்ன மூச்சு. 'ஆயத்தமாக்குங்கள்' முடிந்து மீண்டும் இரட்டைக் கோடு. அடுத்த அடியிலும் அதே மாதிரி. வாசக நூலில் கிறுக்காதீர்கள், நகல் எடுத்துக் கிறுக்குங்கள். கோடு சரியா என்று சோதிக்க எளிய வழி இருக்கிறது. வீட்டில் ஒருவரை உட்காரவைத்து, தாள் கொடுக்காமல் வாசியுங்கள். "பாலைநிலத்தில் என்ன நடக்கிறது?" என்று கேளுங்கள். "யாரோ கத்துகிறார்" என்றால் கோடு தப்பு. "ரோடு போடுகிறார்கள்" என்றால் சரி.

அழுத்தத்தைப் பற்றி ஒன்று மட்டும். வாக்கியத்துக்கு ஒரு சொல் போதும். தமிழில் பெரும்பாலும் வினைக்கு முன்னால் நிற்கிற சொல்தான் புதிய செய்தியைச் சுமக்கும், இங்கே 'வழியை'. எல்லாச் சொல்லையும் அழுத்தினால் அரசியல் மேடை ஆகிவிடும், அது நம் மாவட்டத்தில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது. அதேபோல் டிவி செய்தி வாசிப்பவர்போல் வாசிக்க முயலாதீர்கள். விளவங்கோட்டுக்காரர் இழுவையும் கடற்கரைக்காரர் வேகமும் தேவையில்லாமல் வெட்கப்பட வேண்டிய விஷயங்கள் இல்லை. மக்களுக்குப் புரிந்தால் சரி.

இப்போது நான் வந்த காரியம். இவ்வளவும் யாருக்குத் தெரியாது? உங்களுக்குத் தெரியும். பிறகு ஏன் ஞாயிற்றுக்கிழமை தப்பு நடக்கிறது? உபதேசியார் என் கையைப் பிடித்த அதே கதைதான் இன்றும் நடக்கிறது. பூசை மணி அடித்த பிறகு சக்கிறீஸ்து வாசலில் ஆள் தேடுகிறார்கள். நான் கேட்பது இரண்டே இரண்டு. வாசிக்கிறவர் பெயரும் பகுதியும் முந்தின ஞாயிறே அறிவிப்புப் பலகையில் வர வேண்டும். சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம், கோயிலைத் திறந்து, மைக்கைப் போட்டு, அந்த மேடையிலேயே வாசித்துப் பார்க்க வேண்டும். வீட்டுக் கூடத்தில் பழகினால் கோயில் எதிரொலி தெரியாது. திருவிழாவுக்குப் பத்து நாள் ஒலி ஒளி அமைக்கிற நமக்குச் சனிக்கிழமை ஒரு மணி நேர மின்சாரம் பாரமா? பேரவைத் துணைத்தலைவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். சிரித்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன். 2021-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வாசகர் பணியில் பெண்களையும் நியமிக்கலாம் என்று சட்டத்தையே மாற்றினார். நம் பங்குகளில் பெண்கள் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், ஆனால் பயிற்சி என்று வந்தால் "பொம்பளப் பிள்ளைகளுக்கு சாயங்காலம் வரமுடியாது" என்கிறோம். ஐந்து மணிக்கு வைத்தால் வர முடியும். அதற்கும் பதறாத காரியம் சிதறாதுதான், நேரத்தை முன்கூட்டியே சொல்லுங்கள்.

துண்டுச் சீட்டு வந்துவிட்டது. பயபக்தியைப் பற்றிப் பேசவேயில்லை, மன்னியுங்கள். ஒன்று மட்டும்: கடைசி வரியை வாசித்த கையோடு "ஆண்டவரின் அருள்வாக்கு" என்று ஒட்டிப் போடாதீர்கள். நிறுத்தி, நிமிர்ந்து மக்களைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். "இறைவா உமக்கு நன்றி" என்று அவர்கள் சொல்லி முடியும்வரை அங்கேயே நில்லுங்கள். மேலே "முதல் வாசகம்" என்று அச்சடித்திருப்பதையும் தலைப்பு வரியையும் வாசிக்க வேண்டாம். மீதி சாப்பாட்டுக்குப் பிறகு.

மைக் தம்பி, உங்களிடம் ஆக வேண்டிய காரியம் இதுதான்: வருகிற சனிக்கிழமை ஐந்து மணிக்குச் சாவி உங்களிடம் இருக்க வேண்டும். ஒரு சாண் தூரத்தில் வாய் இருக்கும்படி மைக்கை இறக்கி வையுங்கள். வெளியே இருக்கிற கூம்பு ஸ்பீக்கரையும் போடுங்கள், அதற்குக் கீழே யாரையாவது உட்காரவைத்துக் கேட்கச் சொல்ல வேண்டும். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். பத்துக் கட்டளையை எனக்கே கொடுங்கள், ஒரு கடன் பாக்கி இருக்கிறது.