காலைச் சீனியும் ஈரல் கொழுப்பும்

[காட்சி: அதிகாலை. வெள்ளவத்தையில் ஒரு வீட்டுச் சமையலறை. மேசையில் குளுக்கோமீற்றர்.]

குரல்: இரவு எட்டு மணிக்குப் பிறகு எதுவும் சாப்பிடவில்லை. ஆனாலும் காலையில் வெறும் வயிற்றில் சீனி 158. "அப்போ இந்தச் சீனி எங்கிருந்து வந்தது?" என்று நீரிழிவு உள்ள பலர் கேட்கிறார்கள். பெரும்பாலும் ஈரலில் இருந்துதான்.

நாம் தூங்கும்போது உடலுக்கு வேண்டிய சீனியை ஈரல் மெல்ல மெல்ல இரத்தத்தில் விடும். போதும், நிறுத்து என்று சொல்வது இன்சுலின். ஈரலில் கொழுப்பு சேர்ந்துவிட்டால் அந்தச் சொல் அதன் காதில் சரியாக விழாது. சீனியை விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் ஈரல் கொழுப்பைத் தனி வருத்தமாகப் பார்க்காதீர்கள். உங்கள் நீரிழிவின் ஒரு பகுதி அது.

[காட்சி: இரத்தப் பரிசோதனை அறிக்கை, நெருக்கத்தில்.]

குரல்: இதை எப்படிக் கண்டுபிடிப்பது? அநேகமாக எந்த அறிகுறியும் இருக்காது. வேறு எதற்கோ வயிற்று ஸ்கேன் எடுக்கும்போதுதான் தெரியவரும். ஆனால் கொழுப்பு கொஞ்சமாக இருந்தால் அந்த ஸ்கேனிலும் தப்பிவிடும். ஈரல் என்சைம்கள் நார்மலாக இருந்தாலும் ஈரலில் கொழுப்பும் தழும்பும் இருக்கலாம். உண்மையில் நாம் பயப்பட வேண்டியது அந்தத் தழும்புக்குத்தான். அது கூடிக்கொண்டே போனால் ஈரல் சுருங்கி இறுகிவிடும்.

தழும்பு இருக்குமோ என்று மதிப்பிட ஒரு எளிய கணக்கு இருக்கிறது. பெயர் ஃபிப்-4. வயதோடு, வழக்கமான இரத்தப் பரிசோதனையில் வரும் ஏஎஸ்டி, ஏஎல்டி என்ற இரண்டு ஈரல் என்சைம்களும் பிளேட்லெட் எண்ணிக்கையும் இதற்குப் போதும்.

[திரையில்:]

```
FIB-4 = (வயது × AST) ÷ (பிளேட்லெட் × √ALT)
```

உதாரணத்துக்கு ஒரு அம்மாவை எடுத்துக்கொள்வோம். வயது 54, எடை 72 கிலோ. ஏஎஸ்டி 38, ஏஎல்டி 32, பிளேட்லெட் 210. பிளேட்லெட்டை இந்தக் கணக்கில் ஆயிரங்களில் போட வேண்டும். அறிக்கையில் 2,10,000 என்று இருந்தால் 210. கணக்கைப் போட்டால் விடை சுமார் 1.7.

1.3க்குக் கீழே வந்தால் பெரிய தழும்பு இருக்கும் வாய்ப்புக் குறைவு. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த எல்லை 2. விடை 2.67க்கு மேலே போனால் ஈரல் வைத்தியரிடம் போக வேண்டும். இந்த அம்மா 1.3க்கும் 2.67க்கும் நடுவில் நிற்கிறார். என்சைம்கள் கண்ணை உறுத்தவில்லை என்று அறிக்கையை மடித்து வைத்திருந்தால் இது தெரிந்தே இருக்காது. அவருக்கு அடுத்ததாகச் செய்வது ஃபைப்ரோஸ்கேன். விலா எலும்புகளுக்கு நடுவே கருவியை வைத்து ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளப்பார்கள். ஊசி இல்லை, வலி இல்லை. 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே வந்தால் ஓரளவு நிம்மதி. இவருக்கு 6.4 வந்தது என்று வைத்துக்கொள்வோம். கொழுப்பு இருக்கிறது, பெரிய தழும்புக்கான அடையாளம் இல்லை.

[காட்சி: ப்ளேன்டீ, பக்கத்தில் ஒரு துண்டு பனங்கட்டி.]

குரல்: சரி, கொழுப்பை எப்படிக் குறைப்பது? எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே ஈரல் கொழுப்பு இறங்கத் தொடங்கும். இந்த அம்மாவுக்கு அது 3.6 கிலோ. ஈரலின் அழற்சியும் தணிய வேண்டுமென்றால் ஏழு முதல் பத்துப் பங்கு, அதாவது 5 முதல் 7 கிலோ.

இவர் தேத்தண்ணியில் சீனி போடுவதை எப்போதோ விட்டுவிட்டார். ஆனால் ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு துண்டு பனங்கட்டியைக் கடிக்கிறார், அது இயற்கையானது என்ற நம்பிக்கையில். ஈரலைப் பொறுத்தவரை பனங்கட்டியும் சீனிதான். இரண்டிலும் இருக்கும் ஃபிரக்டோஸைப் பெரும்பாலும் ஈரல்தான் கையாள்கிறது. மிஞ்சுவதைக் கொழுப்பாக மாற்றி வைக்கும். பழச்சாறும் இப்படித்தான். பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள், சாறு வேண்டாம்.

அப்புறம் இரவுச் சாப்பாடு. பன்னிரண்டு இடியப்பத்தை ஆறாக்கி, மீன் குழம்பையும் கீரையையும் கூட்டினால் பசி தாங்கும். தேங்காய்ப்பால் சொதியைக் கோப்பையில் ஊற்றிக் குடிக்காமல், தொட்டுக்கொள்ளும் அளவோடு நிறுத்துங்கள். மதுவைத் தவிருங்கள்.

[காட்சி: மாலை. காலிமுகத் திடலில் நடப்பவர்கள்.]

குரல்: நடையை எடைக்காக மட்டும் செய்ய வேண்டாம். எடை இறங்காவிட்டாலும் தொடர்ந்து உடற்பயிற்சி செய்தால் ஈரல் கொழுப்புக் குறைகிறது. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு முப்பது நிமிடம். பேச முடியும், பாட முடியாது என்ற வேகம் போதும்.

ஒன்றை மட்டும் கவனமாகக் கேளுங்கள். சாப்பாட்டைக் குறைப்பதற்கு முன்பே கிளினிக்கில் சொல்லிவிடுங்கள். இன்சுலினோ கிளிக்ளசைடு போன்ற மாத்திரையோ எடுப்பவருக்குப் பழைய அளவு மருந்தே அதிகமாகிவிடலாம். கை நடுங்கி, வியர்த்து, தலை சுற்றினால் உடனே சீனியைப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அந்த நேரத்தில் மட்டும் ஈரல் கொழுப்பைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.